தொண்ணூற்றொன்பது என்று காட்டியது

அந்த வருடம் தை பிறந்தும் மழை ஓயவில்லை. கொல்லிமலையில் அது மிளகு பறிக்கும் காலம். மரத்தில் ஏணியைச் சாத்தி ஏறி, கொடியிலிருந்து சரம் சரமாகப் பறித்துப் போடுவார்கள். வீட்டு வாசல், ரோட்டோரம், கோயில் களம் என்று வெயில் விழும் இடமெல்லாம் மிளகு காயும். அந்த முறை வெயிலே விழவில்லை. மேகம் இறங்கி வாசல்படி வரை வந்து உட்கார்ந்துகொண்டது. சோளக்காடு ஊர்ச் சந்தையில் வியாபாரிகள் பூசணம் பிடித்த மிளகைக் கையில் அள்ளி முகர்ந்துவிட்டு, விலைகூடச் சொல்லாமல் மூட்டையிலேயே போட்டுவிட்டுப் போனதை நானே பார்த்தேன்.

மலையில் தேவனூர் நாடு என்ற பகுதியில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் டாக்டராக இருந்தேன். எனக்குச் சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். மலைக்கு வந்து இரண்டாவது குளிர்காலம் அது. அதற்கு முன் சென்னையில் ஒரு தீக்காயப் பிரிவில் வேலை பார்த்தேன். மலைக்கு மாற்றல் வந்தபோது, இனி தீயும் புகையும் நம் பக்கம் வராது என்று நினைத்தேன்.

எங்கள் நிலையத்தில் மருந்தாளுநராக இருந்த பெண் ஈரோட்டுப் பக்கத்துக்காரர். கிறிஸ்தவர். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். அவருடைய கணவர் மலையிலேயே உள்ள உண்டு உறைவிடப் பள்ளியில் கணக்கு வாத்தியார். இருவரும் ஒரு மலை விவசாயியின் வீட்டில் பாதியை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். நீளமான வீடு, மேலே ஒரே தகரக் கூரை. ஒரு பாதியில் இவர்கள். மறுபாதியில் வீட்டுக்காரர் மூட்டைகள் போட்டு வைக்கும் பெரிய அறை. வீட்டுக்காரரும் அவர் மனைவியும் களத்துக்கு எதிர்ப்பக்கம் தனியாக ஒரு சின்ன வீட்டில் இருந்தார்கள்.

பொங்கல் கழிந்த வாரத்தில் அந்த அம்மா தலைவலி என்று சொல்ல ஆரம்பித்தார். காலையில் வரும்போதே நெற்றியில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வருவார். மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருப்பார். மதியத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். துணியை அவிழ்த்து மடித்து மேசையில் வைத்துவிட்டு, வழக்கம்போல் எல்லோரையும் கேலி பேசத் தொடங்குவார். மறுநாள் காலை மறுபடியும் அதே கட்டு, அதே சாய்ந்த தலை. ரத்த அழுத்தம் பார்த்தேன், சரியாக இருந்தது. கண்ணாடியை மாற்ற வேண்டுமோ என்று பேசிக்கொண்டோம்.

கொரோனா காலத்திலிருந்து எங்கள் ஒவ்வொருவர் மேசையிலும் ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டர் கிடக்கும். விரலில் கவ்வவிட்டால் ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் அந்தச் சின்னக் கருவிதான். ஒரு காலை அவர் அதைத் தன் விரலில் மாட்டி என் பக்கம் நீட்டினார்.

"தொண்ணூத்தொம்பதுங்க மேடம். இத்தன வலிக்கு இதாவது கொறைய வேண்டாமுங்களா?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அதே பேச்சில், அவர்கள் வளர்த்த பூனை செத்துப்போன சேதியையும் சொன்னார். பரணில் குளிருக்குச் சுருண்டு படுத்தது, அப்படியே விறைத்துக் கிடந்ததாம். வயதான பூனை, குளிர் தாங்கவில்லை என்று அவர் கணவர் குழி தோண்டிப் புதைத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவருக்குமே வாந்தி, வீட்டைவிட்டு வெளியே வரவே முடியவில்லையாம். முந்தின நாள் பேளுக்குறிச்சிச் சந்தையிலிருந்து யாரோ வாங்கி வந்து கொடுத்த கருவாடுதான் காரணம் என்று போனில் சொன்னார். உப்புச் சர்க்கரைக் கரைசல் குடிக்கச் சொன்னேன். பேசிக்கொண்டிருக்கும்போதே சிக்னல் போய்விட்டது. மழையில் டவருக்கு மின்சாரம் இல்லை.

திங்கட்கிழமை காலை வெளிநோயாளிகள் வந்து உட்காரத் தொடங்கிய நேரம், வீட்டுக்காரரின் ஜீப் ஆரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றது. பின்சீட்டில் வாத்தியார் கிடந்தார். அவருக்கு நினைவில்லை. அந்த அம்மா முன்சீட்டிலிருந்து தானே இறங்கினார். இரண்டடி வைத்ததும் கால் பின்னிக்கொண்டு எங்கள் நர்ஸ் சிஸ்டர் மேல் சாய்ந்தார். பேச்சு குழறியது. விடியலில் எழுந்து சமையல்கட்டு ஜன்னலைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்ததாகவும், காப்பி போட்டுக்கொண்டு போய் எழுப்பினால் அவர் எழவில்லை என்றும் துண்டு துண்டாகச் சொன்னார்.

கட்டிலில் கிடத்தினோம். நாடி வேகமாக ஓடியது. மூச்சு இருந்தது, நெஞ்சில் சளி ஓசை எதுவும் இல்லை. சர்க்கரை சரியாக இருந்தது. சிஸ்டர் அவர் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினார். தொண்ணூற்றொன்பது. எழுப்பினால் முனகக்கூட முடியாமல் கிடக்கிற மனிதருக்குத் தொண்ணூற்றொன்பது.

வராந்தாவில் அதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் பூச்சி மருந்தைக் குடித்துவிட்டார்கள் என்று. பிள்ளை இல்லாத தம்பதி, கேட்கவா வேண்டும். எங்கள் சிஸ்டரே என் காதோரம் வந்து, வயிற்றைக் கழுவ ஏற்பாடு செய்யட்டுமா என்று கேட்டார். நான் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தேன். பூச்சி மருந்தென்றால் கண்பாப்பா ஊசிமுனை போல் சுருங்கியிருக்கும், வாயில் எச்சில் வழியும், மருந்து வாடை தூக்கி அடிக்கும். ஒன்றும் இல்லை. வாயில் வாந்தி வாடை மட்டும்தான் வந்தது.

ஒரே வீட்டில் இருவர். காலையில் தலைவலி, வெளியே வந்தால் சரியாகிறது. ஞாயிறு முழுக்க வீட்டுக்குள் இருந்தார்கள், கூடியது. பரணில் படுத்த பூனை. இவை ஒவ்வொன்றும் தனித்தனியே எனக்குச் சொல்லப்பட்டவைதான். அந்தக் கட்டிலருகே நின்றபோது நான்கும் ஒரே சமயத்தில் என் முன்னால் வந்தன.

வாசலில் ஈரத்துண்டோடு நின்ற வீட்டுக்காரரிடம், வீட்டில் ஏதாவது எரிகிறதா என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. அடுப்பு, ஜெனரேட்டர், கணப்பு, எதுவாக இருந்தாலும் சொல்லச் சொன்னேன்.

"பொகையறது ஒண்ணுமே இல்லீங்க டாக்டரம்மா. மொளகு பூத்துப்போகுதேன்னு பக்கத்து ரூமுல கரி போட்டு வெச்சிருக்கறோம். நல்ல கரிங்க, துளி பொகை வராது. சூடு வெளிய போகக் கூடாதுன்னு கதவு சன்னலெல்லாம் சாக்கு வெச்சு அடச்சிருக்குது."

நடுச்சுவர் கூரை வரை போகிறதா என்று கேட்டேன். ஆள் உயரத்துக்கு மேல் சுவர் இல்லை, மேலே தகரம் வரை திறப்புதான் என்றார். அந்தச் சுவரை ஒட்டித்தான் வாத்தியாரின் கட்டில் கிடந்தது.

சென்னையில், தீப்பிடித்த கட்டிடங்களிலிருந்து உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லாமல் வந்தவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். விரலில் நூறு காட்டும். நல்ல எண் இருக்கிறதே என்று அப்படியே விடப்பட்ட சிலர் மாலைக்குள் போயிருக்கிறார்கள். கரி முழுதாக எரியக் காற்றுப் போதாதபோது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண் எரியாது, இருமல் வராது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடியோடு பற்றிக்கொள்ளும். அப்படி மாட்டிய ஹீமோகுளோபினுக்குக் கார்பாக்சிஹீமோகுளோபின் என்று பெயர். அதனால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. மிச்சமிருக்கும் ஹீமோகுளோபினும் தன்னிடமுள்ள ஆக்சிஜனை உடம்புக்குச் சுலபமாக விட்டுக் கொடுக்காது.

விரலில் மாட்டும் கருவியிடம் இரண்டே விளக்குகள்தான் உண்டு. ஒன்று சிவப்பு, இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. ஆக்சிஜன் ஏறிய ரத்தம் சிவப்பு வெளிச்சத்தைத் தாராளமாக விடும், ஏறாத ரத்தம் விழுங்கும். இரண்டு விளக்கை வைத்து இந்த இரண்டு வகையைத்தான் அதனால் பிரித்துச் சொல்ல முடியும். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தமும் ஏறக்குறைய ஆக்சிஜன் ஏறியது மாதிரியே சிவப்பை விட்டுவிடும். கருவி அதையும் ஆக்சிஜன் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளும். அது பழுதானதல்ல. மூன்றாவதாக ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

சிஸ்டரிடம் இருவருக்கும் ஊசி போட்டு, ரத்தம் உறையாத குழாயில் கொஞ்சம் எடுக்கச் சொன்னேன். ஆக்சிஜன் கொடுக்கக் கொடுக்க அந்த விஷம் இறங்கிக்கொண்டே போகும், பிறகு அளந்தால் எவ்வளவு இருந்தது என்று தெரியாது. சிரை ரத்தமே போதும், மூடிய குழாயில் அது மாறாமல் இருக்கும். எடுத்து முடித்ததும் பை வைத்த முகமூடியை மாட்டி, முழு வேகத்தில் ஆக்சிஜனைத் திறந்தோம். ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்துவிட்டது.

அப்போதுதான் வீட்டுக்காரரிடம் கேட்டேன், அவருடைய மனைவி எங்கே என்று.

"அவ ஊட்டுலதானுங்க. மொளகு கெளறிக்கிட்டு இருப்பா. கெளறலீன்னா கருகிப்போயிருமுங்க."

எப்போதிலிருந்து என்று கேட்டேன். விடியலிலிருந்து என்றார். அவருக்கும் தலைவலி உண்டா என்று கேட்டேன். ரெண்டு நாளாகத் தலை சுத்துது என்று சொன்னாள், மாத்திரை வாங்கிக் கொடுத்தேன் என்றார். சொல்லும்போதே அவர் முகம் மாறியது. நான் என்ன நினைக்கிறேன் என்று அவருக்கு முழுதாகப் புரியவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார்.

இருவரோடும் சிஸ்டரை ஆம்புலன்ஸில் ஏற்றி, கீழே நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். கார்பன் மோனாக்சைடு விஷம், எந்த எண் வந்தாலும் முகமூடியைக் கழற்றக் கூடாது, கோ-ஆக்சிமீட்டரில் பரிசோதிக்க வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தேன். ரத்தம் எடுத்த குழாய்களை என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். கீழே அந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று நானே தேட வேண்டியிருக்கும் என்று தோன்றியது. சின்ன சிலிண்டர் ஒன்றை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்காரரோடு கிளம்பினேன்.

அந்த வழியை அவர் ஜீப் தாங்காத வேகத்தில் ஓட்டினார். வைப்பர் ஒரு பக்கம்தான் வேலை செய்தது.

களத்தில் யாரும் இல்லை. கரி அறையின் கதவு உள்ளிருந்து சாத்தி, கீழே சாக்கால் அடைக்கப்பட்டிருந்தது. அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பதில் இல்லை. உள்ளே ஓடப் போனவரைச் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். முதலில் வெளிப்பக்க ஜன்னல்களை உடைக்கச் சொன்னேன். கடப்பாரையால் அவர் குத்த, சாக்குகள் உள்ளே விழுந்தன. பிறகு கதவைத் தோளால் இடித்துத் திறந்தார்.

முகத்தில் வெதுவெதுப்பான காற்று அடித்தது. இத்தனை நாள் ஈரத்தில் ஊறிய உடம்புக்கு அது எவ்வளவு இதமாக இருந்தது என்பதை இன்றும் மறக்க முடியவில்லை. பச்சை மிளகு காயும் நல்ல வாசம். தரையில் அகன்ற இரும்புச் சட்டிகளில் கரி சாம்பல் பூத்துச் சிவந்து கிடந்தது. புகை என்று ஒரு இழைகூட இல்லை. மூலையில், மிளகு மூட்டைமேல் கையைத் தலைக்கு வைத்து, அலுத்துப்போய்க் கொஞ்ச நேரம் கண்ணயர்ந்தவரைப் போல வீட்டுக்காரரின் மனைவி கிடந்தார்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு இருவருமாக உள்ளே போய், கையையும் காலையும் பற்றி வெளியே இழுத்து வந்தோம். தூறலில், களத்து ஈரத்தில் போட்டோம். மூச்சு மேலோட்டமாக இருந்தது. முகமூடியை மாட்டி சிலிண்டரைத் திறந்துவிட்டு, கையிலிருந்து ரத்தம் எடுத்தேன். பழக்கத்தில் விரலில் கருவியையும் மாட்டினேன். தொண்ணூற்றெட்டு. மார்பில் கை வைத்துத் தேய்த்தும் கண் திறக்காத ஒரு பெண்ணின் விரலில் அந்த எண் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. எனக்கு அந்தக் கருவியைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருந்தது.

வீட்டுக்காரர் கரிச்சட்டிகளைக் களத்தில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். அப்போதுதான் முதல்முறையாக அந்த இடத்தில் புகை எழுந்தது.

ஆம்புலன்ஸ் போய்விட்டதால் ஜீப்பிலேயே இறங்கினோம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் சிலிண்டர் உருளாமல் காலால் அணைத்துக்கொண்டு, அந்த அம்மாவின் தலையை மடியில் வைத்திருந்தேன். பாதி மலை இறங்கும்போது கண் திறந்தார். என்னைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். வாந்தி எடுத்தார். வாந்தி எடுக்கிறாரே என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அடிவாரம் தாண்டியதும் போனில் சிக்னல் வந்தது. சிஸ்டர் பல தடவை கூப்பிட்டிருந்தார். எடுத்தவுடன் அழாத குறையாகச் சொன்னார்.

"மேடம், வந்ததும் சாருக்கு மாஸ்க்கக் கழட்டிட்டாங்க. நூறு இருக்குது, ஆக்சிஜன் எதுக்குன்னு கேக்கறாங்க. ப்ளட் கேஸும் நார்மல்னு சொல்றாங்க. மூளைய ஸ்கேன் எடுக்கணுமாம்."

ஆஸ்பத்திரி வந்ததும் வீட்டுக்காரரின் மனைவியை முகமூடியோடே கட்டிலில் சேர்த்தோம். அவசரப் பிரிவு டாக்டர் இளைஞர். திமிர் பிடித்தவர் இல்லை. என் சீட்டைப் படித்திருந்தார். அவருக்கு முன்னால் இரண்டு பேப்பர்கள் இருந்தன. ஒன்று மலைமேலிருந்து வந்த ஒரு டாக்டரின் சந்தேகம். இன்னொன்று ரத்தத்திலுள்ள வாயுக்களைச் சொல்லும் ப்ளட் கேஸ் மெஷினிலிருந்து வந்த சுடச்சுட ரிப்போர்ட். அவர் மெஷினை நம்பினார். வாத்தியார் கட்டிலில் சாதாரணக் காற்றைச் சுவாசித்துக்கொண்டு, கண்ணை அரைகுறையாகத் திறந்தபடி கிடந்தார். அவர் மனைவி பக்கத்துக் கட்டிலில் முகமூடிக்குள்ளிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம், பல்ஸ் ஆக்சிமீட்டர் ஏமாத்தும்னு எனக்கும் தெரியும். அதனாலதான் ஆர்ட்டரில ஊசி போட்டு ப்ளட் கேஸே எடுத்தேன். சாச்சுரேஷன் தொண்ணூத்தொம்பது இருக்கு பாருங்க" என்றார் அவர்.

ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். "இந்தத் தொண்ணூத்தொம்பத மெஷின் அளந்துச்சா, கணக்குப் போட்டுச்சா?" என்று கேட்டேன்.

அவர் பேப்பரைத் திருப்பி வாங்கினார். அந்த எண்ணுக்குப் பக்கத்தில், இது கணக்கிடப்பட்டது என்பதற்கு அடையாளமாக ஒரு சின்ன எழுத்து இருந்தது. தினமும் பார்க்கிற பேப்பர். தினமும் பார்ப்பதாலேயே கண்ணில் படாத எழுத்து.

அந்த மெஷின் நேரடியாக அளப்பது ரத்தத்தின் அமிலத்தன்மை, கார்பன் டை ஆக்சைடு, பிறகு ரத்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனின் அழுத்தம். ஹீமோகுளோபினை அது பார்ப்பதே இல்லை. இவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருந்தால் ஹீமோகுளோபினில் இத்தனை சதவீதம் ஏறியிருக்க வேண்டும் என்று, எல்லா ஹீமோகுளோபினும் நல்லபடியாக இருப்பதாக வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுத் தருகிறது. இவருக்கு நுரையீரலில் கோளாறு இல்லை. ஆக்சிஜன் உள்ளே போகிறது, கரைகிறது. அதனால் அழுத்தம் நன்றாகத்தான் இருக்கும். பஸ் ஸ்டாண்டில் கூட்டம் நிற்கிறது, அதனால் பஸ்ஸிலும் ஆள் நிறைந்திருக்கும் என்று வெளியே நின்று சொல்வது மாதிரி. உள்ளே சீட்டிலெல்லாம் யாரோ மூட்டையை ஏற்றிப் போட்டிருப்பது தெரியாது. இதை நான் அவருக்கு அவசர அவசரமாகச் சொன்னேன்.

அவர் அதே ரிப்போர்ட்டில், ரத்தத்தில் அமிலம் ஏறியிருப்பதைக் காட்டும் எண்ணை விரலால் தொட்டார். அது ஏன் ஏறியது என்று காலையிலிருந்து அவருக்கும் புரியாமல் இருந்திருக்கிறது. ஆக்சிஜன் கிடைக்காத உடம்பு அப்படித்தான் புளிக்கும்.

"முதல்ல மாஸ்க்கப் போடுங்க. அப்புறம் அளந்துக்கலாம்" என்றேன்.

அவரே எழுந்து போய் மாட்டினார். பிறகு எங்களிடம் கோ-ஆக்சிமீட்டர் கிடையாதே மேடம் என்றார். இரண்டு விளக்குக்குப் பதிலாகப் பல அலைநீள வெளிச்சங்களை ரத்தத்துக்குள் செலுத்தி, ஆக்சிஜன் ஏறியது எவ்வளவு, ஏறாதது எவ்வளவு, கார்பன் மோனாக்சைடு ஏறியது எவ்வளவு என்று ஒவ்வொன்றையும் தனியாக அளக்கும் கருவி அது. பல பெரிய ஆஸ்பத்திரிகளில் ப்ளட் கேஸ் மெஷினுக்குள்ளேயே இருக்கும். இங்கே இருந்த மெஷினில் அந்தப் பகுதி இல்லை. சேலத்தில் தனக்குத் தெரிந்த ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அவரே போன் போட்டுப் பேசினார். என் கைப்பையிலிருந்த மூன்று குழாய்களையும் ஐஸ் டப்பாவில் வைத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தோம். மனைவியை விட்டுப் போக மனமில்லாமல், ஆனால் ஏதாவது செய்தால் தேவலை என்பது போல, அவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார்.

பதில் மாலையில் போனில் வந்தது. இளைஞர் ஸ்பீக்கரில் போட்டார். வாத்தியாருடைய ரத்தத்தில் கார்பாக்சிஹீமோகுளோபின் முப்பத்தெட்டு சதவீதம். அவர் மனைவிக்கு இருபத்தொன்று. கரி அறையில் கிடந்த அம்மாவுக்கு, ஆக்சிஜன் தொடங்கிய பிறகு எடுத்தது, அப்படியும் நாற்பத்திமூன்று.

முப்பத்தெட்டு காட்டிய அந்த ரத்தத்தை எடுத்த அதே நேரத்தில்தான் சிஸ்டர் வாத்தியார் விரலில் தொண்ணூற்றொன்பது பார்த்தார். இளைஞர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். போன மழையில் ஒரு குடும்பமே தலைவலியென்று வந்தது, ஃபுட் பாய்ஸன் என்று அனுப்பிவிட்டேனே என்று மெதுவாகச் சொன்னார். அவர்கள் எந்த ஊர் என்று கேட்டேன். நினைவில்லை என்றார்.

நல்ல காற்றில் விட்டால் அந்த விஷம் பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜனில் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும். முகமூடியைக் கழற்றியதால் வாத்தியாருக்குப் போன நேரம் எவ்வளவு சேதம் செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அன்று இருட்டுவதற்குள் அவர் கண் விழித்து மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்த அம்மா அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்காரரின் மனைவியும் தெளிந்தார். வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்களோடு பேசினார், இட்லி சாப்பிட்டார், மிளகு என்ன ஆச்சு என்று புருஷனைத் திட்டினார். ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஊரில் எல்லோரும் பிழைத்தார்கள் என்றுதான் பேசிக்கொண்டோம். பின்னால் மறதி, நடையில் தடுமாற்றம் எது வந்தாலும் உடனே அழைத்து வரும்படி வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தேன். இந்த விஷம் இறங்கிப்போன பிறகும், சில வாரம் கழித்து மூளையில் தன் வேலையைக் காட்டுவது உண்டு. அவர் தலையாட்டினார். இவ்வளவு நன்றாக இருக்கிறவளுக்கு என்ன வரப்போகிறது என்று நினைத்திருப்பார்.

மாசியில் மழை விட்டு நல்ல வெயில் அடித்தது. ஒரு நாள் வீட்டுக்காரர் தனியாக வந்து, கூட்டம் கலையும் வரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். பிறகு உள்ளே வந்து, நிற்காமலும் உட்காராமலும் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டரம்மா, அவ காலைலருந்து களத்துல உக்காந்திருக்காளுங்க. கையில மொளக வெச்சுக்கிட்டு, இது என்னதுன்னு கேக்கறா. மூணு தடவ சொல்லிட்டனுங்க. மறுக்கா கேக்கறா."

அன்றே போய்ப் பார்த்தேன். என்னைப் பார்த்துச் சிரித்தார். வாங்க சாமி என்றார். அந்தச் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது, கண் வேறெங்கோ இருந்தது. எழுந்து நடக்கச் சொன்னேன். தரையை விட்டுக் காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்துச் சின்ன அடியாக வைத்தார். சேலத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குள் வெள்ளையாகப் படர்ந்திருந்ததைக் காட்டினார்கள். மெல்ல மெல்லத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார்கள். வருடம் முழுக்க அவர் புருஷன் கையைப் பிடித்துக் களத்தைச் சுற்றி நடக்க வைத்ததை நான் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். நடை திரும்பியது. பெயர்கள் பாதிதான் திரும்பின.

மருந்தாளுநரும் வாத்தியாரும் அந்தக் கோடையிலேயே மாற்றல் வாங்கிக்கொண்டு சமவெளிக்குப் போனார்கள். வாத்தியாருக்குக் கரும்பலகையில் கணக்குப் போடும்போது நடுவில் நின்றுவிடுகிறதாம். அந்த அம்மா போனில் சொன்னார்.

நான் ஊர் ஊராகப் போய்ச் சொன்னேன். ரேஷன் கடையில், சோளக்காட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களிடம், பள்ளிக்கூடத்தில். கரியை மூடிய அறையில் போடாதீர்கள், புகை இல்லாத நெருப்புக்கும் விஷம் உண்டு, ஒரே வீட்டில் இருவருக்குத் தலைவலி வந்தால் முதலில் வெளியே ஓடுங்கள், விரலில் மாட்டும் எண்ணை நம்பாதீர்கள். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஆமாங்க என்றார்கள். ஒரு பெரியவர் மட்டும், கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது, மெஷினுக்கும் தெரியாதுன்னா நாங்க எதுலதாங்க பாக்கறது என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. சேலத்தில் ஒரு கருவி இருக்கிறது என்று சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு தூரம் என்று எனக்கே தெரிந்தது.

இந்த வருடமும் தையில் மழை பிடித்துக்கொண்டது. நேற்றுச் சாயங்காலம் வேலை முடிந்து நடந்து வந்தபோது, மேல்தெருவில் ஒரு வீட்டின் கதவிடுக்கில் சாக்கு திணித்திருந்தது. ஜன்னல் பலகைக்கு நடுவே சிவப்பாக ஒரு கீற்று. உள்ளே யாரோ குழந்தைக்குத் தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்று கதவைத் தட்டினேன். பாட்டு நின்றது. யாரும் வந்து திறக்கவில்லை. மறுபடி, இந்த முறை கையை முஷ்டியாக மடக்கிக்கொண்டு தட்டினேன்.